ஒற்றைச் சரிக்குறியோடு நின்றுபோன செய்தி: கைப்பேசியில் ‘மெசேஜ்’ ஏன் தாமதமாகிறது?

சுங்கைப்பட்டாணி பட்டணத்தில் வேலை செய்யும் மகள். அங்கிருந்து உள்ளே தள்ளி, செம்பனைக்கு நடுவே இருக்கும் தோட்டத்து வீட்டில் அம்மாவும் அப்பாவும். அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம். காலை 6 மணிக்கு வேன் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போகும்.

ஒருநாள் இரவு 8.40க்கு வேன் ஓட்டுநர் மகளுக்கு அழைத்துச் சொல்கிறார்: நாளை 6 மணிக்கு இல்லை, 5 மணிக்கே வருவேன். மகள் உடனே அம்மாவை அழைக்கிறார், அம்மா எடுக்கவில்லை. சரி, செய்தி அனுப்பிவிடலாம் என்று கைப்பேசியோடு வந்த ‘Messages’ செயலியைத் திறந்து அனுப்புகிறார். வாட்ஸ்அப்பில் போட்டால் அம்மா பார்ப்பதில்லை, சாதாரண மெசேஜ் என்றால் சத்தம் கேட்டு எடுத்துப் பார்ப்பார் என்பது அவர் கணக்கு. செய்திக்குக் கீழே ஒரு சரிக்குறி விழுகிறது. போய்விட்டது என்று நினைத்து மகள் தூங்கப் போய்விடுகிறார்.

மறுநாள் 5 மணிக்கு வேன் வந்து ஹாரன் அடித்தபோது வீட்டில் யாரும் எழுந்திருக்கவில்லை. ஓட்டுநருக்கு இன்னும் நான்கு நோயாளிகளை ஏற்ற வேண்டும், கிளம்பிவிட்டார். அம்மாவின் கைப்பேசிக்கு அந்தச் செய்தி வந்து சேர்ந்தது காலை 9.20க்கு.

இது ஒரு வீட்டுக் கதையாகச் சொல்லப்பட்டாலும், தோட்டத்திலும் பட்டணத்திலும் பலர் வீட்டில் ஏதாவது ஒரு வடிவத்தில் நடந்திருக்கும். “மெசேஜ் அனுப்பினேனே, பார்க்கலையா?” “இப்பத்தான் வந்துச்சு.” இந்த இரண்டு வார்த்தைக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், அவசரச் செய்தியை எப்படி அனுப்ப வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

ஒரே செயலி, இரண்டு பாதைகள்

ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் செய்தி அனுப்புவதற்கென்று வரும் செயலி கூகுளின் ‘Messages’. பத்து ஆண்டுகளுக்கு முன்பு இத்தகைய செயலிக்கு ஒரே வேலைதான்: எஸ்எம்எஸ் எனப்படும் குறுஞ்செய்தியை அனுப்புவது, வாங்குவது. இன்று அதே செயலிக்குள் இரண்டாவது பாதை ஒன்றும் இருக்கிறது. அதன் பெயர் ஆர்சிஎஸ். ‘செழுமையான தொடர்புச் சேவை’ என்று அதைத் தமிழில் சொல்லலாம்.

உலகக் கைப்பேசி நிறுவனங்களின் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏ இந்த முறையைப் பல ஆண்டுகளாக வளர்த்து வந்தது. 2016ல் எல்லா நிறுவனங்களும் பின்பற்றக்கூடிய ஒரு பொது வடிவத்தை வெளியிட்டது. 2019ல் கூகுள் சில நாடுகளில் இச்சேவையைத் தானே நேரடியாகக் கொடுக்கத் தொடங்கி, 2020 இறுதியில் உலகின் பெரும்பாலான நாடுகளுக்கு விரிவாக்கியது. 2024ல் ஐஃபோனும் ஐஓஎஸ் 18 மென்பொருளோடு இதில் சேர்ந்தது. ஆனால் ஐஃபோனில் இது வேலை செய்வதற்குத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் ஆதரவும் வேண்டும்.

பயனருக்கு இரண்டும் ஒரே திரையில், ஒரே உரையாடலில், ஒன்றன்கீழ் ஒன்றாகத்தான் தெரியும். அதனால்தான் குழப்பம். ஒரு செய்தி எஸ்எம்எஸ் பாதையிலும் அடுத்த செய்தி ஆர்சிஎஸ் பாதையிலும் போயிருக்கலாம். அனுப்பியவருக்கு அது தெரிந்திருக்காது.

எந்தப் பாதை என்பதை அனுப்புவதற்கு முன்பே அறிய ஒரு வழி இருக்கிறது. எழுதும் பெட்டியைப் பாருங்கள். காலியாக இருக்கும்போது அதில் மங்கலான எழுத்தில் `RCS message` என்றிருந்தால் ஆர்சிஎஸ். `Text message` என்றிருந்தால் எஸ்எம்எஸ். நம் கதையில் வரும் மகள் அந்த இரவு பார்த்திருந்தால் `RCS message` என்றுதான் இருந்திருக்கும்.

எஸ்எம்எஸ்: டேட்டா வேண்டாம், சிக்னல் போதும்

எஸ்எம்எஸ் பழைய முறை. முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3ஆம் தேதி பிரிட்டனில் அனுப்பப்பட்டது. கைப்பேசிக்கும் கோபுரத்துக்கும் இடையே எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சின்னத் தடம் உண்டு. ‘இந்தக் கைப்பேசி இங்கே இருக்கிறது’, ‘இதற்கு அழைப்பு வருகிறது’ போன்ற தகவல்கள் அதில்தான் போகும். அந்தத் தடத்தில் இருந்த காலி இடத்தில் எழுத்துகளையும் ஏற்றி அனுப்பலாம் என்ற யோசனையில் பிறந்ததுதான் எஸ்எம்எஸ். அதனால்தான் அதற்கு அவ்வளவு சிறிய அளவு.

எஸ்எம்எஸ் அனுப்பினால் அது முதலில் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் செய்தி மையத்துக்குப் போகும். பெறுபவரின் கைப்பேசி இயங்கிக்கொண்டிருந்து, சிக்னலும் இருந்தால் மையம் உடனே கொடுத்துவிடும். கைப்பேசி அணைந்திருந்தால் செய்தியை வைத்திருந்து, அது மறுபடி கோபுரத்தோடு சேர்ந்ததும் கொடுக்கும். நிறுவனம் வைத்திருக்கும் கெடு முடிந்தும் கொடுக்க முடியாமல் போனால் செய்தி கைவிடப்படும்.

இதில் கவனிக்க வேண்டியது, பெறுபவரிடம் இணையத் தரவு தேவையில்லை என்பதுதான். டேட்டா பாஸ் முடிந்துபோன பிரிபெய்டு சிம்மாக இருந்தாலும், பட்டன் போனாக இருந்தாலும், ஒரு கோடு சிக்னல்தான் என்றாலும், அழைப்பு வரும் இடத்தில் பெரும்பாலும் எஸ்எம்எஸ்ஸும் வரும்.

ஆர்சிஎஸ்: வசதி அதிகம், டேட்டா கட்டாயம்

ஆர்சிஎஸ் செய்தி வாட்ஸ்அப் போல இணையத்தின் வழியே போகிறது. அனுப்புபவரின் கைப்பேசியிலிருந்து இணைய சர்வருக்கு, அங்கிருந்து பெறுபவரின் கைப்பேசிக்கு. இரு பக்கமும் மொபைல் டேட்டாவோ வைஃபையோ இருக்க வேண்டும்.

அதற்குக் கைமாறாகக் கிடைப்பவை குறைவில்லை. படத்தையும் காணொளியையும் மங்கிப்போகாமல் அனுப்பலாம். எதிரில் இருப்பவர் தட்டச்சு செய்வது தெரியும். செய்தி சேர்ந்ததா, படிக்கப்பட்டதா என்று தெரியும். குழு உரையாடல் ஒழுங்காக நடக்கும். ஒவ்வொரு செய்திக்கும் தனிக் கட்டணம் கிடையாது. டேட்டா மட்டும் செலவாகும். இரு பக்கமும் கூகுள் மெசேஜஸ் செயலியில் ஆர்சிஎஸ் இயங்கினால், அனுப்பும் பொத்தானில் சிறிய பூட்டுச் சின்னம் தெரியும். இடையில் யாரும் படிக்க முடியாதபடி செய்தி மறையாக்கம் செய்யப்படுகிறது என்பது அதற்குப் பொருள். எஸ்எம்எஸ்ஸில் இந்தப் பூட்டு இல்லை.

வசதிகளெல்லாம் டேட்டா இருக்கும்வரைதான். பெறுபவரிடம் அந்த நேரத்தில் டேட்டா இருக்கிறதா என்று அனுப்புபவருக்கு உடனே தெரியாது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

சரிக்குறிகள் சொல்லும் செய்தி

ஆர்சிஎஸ் பாதையில் போகும் செய்திக்குக் கீழே வரும் குறிகளை வரிசையாகப் படிக்கலாம். சில பதிப்புகளில் இவை சின்ன வட்டத்துக்குள் இருக்கும், பொருள் ஒன்றுதான்.

சரிக்குறி எதுவும் இல்லாமல் ‘அனுப்புகிறது’ என்ற நிலையிலேயே இருந்தால், செய்தி இன்னும் அனுப்புபவரின் கைப்பேசியைவிட்டே வெளியேறவில்லை. கோளாறு அனுப்புபவர் பக்கம்.

ஒரு சரிக்குறி விழுந்தால், செய்தி சர்வரை அடைந்துவிட்டது. பெறுபவரை அடைந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. இது நீண்ட நேரம் மாறாமல் நின்றால் தடை பெறுபவர் பக்கம் இருக்கிறது.

இரண்டு சரிக்குறி வந்தால் பெறுபவரின் கைப்பேசிக்குள் செய்தி இறங்கிவிட்டது. அந்தக் குறிகள் நிறம் நிரம்பித் தெரிந்தால் அவர் திறந்து பார்த்திருக்கிறார். ஆனால் படித்ததைக் காட்டும் வசதியை அவர் அணைத்து வைத்திருந்தால் இந்தக் கடைசிக் குறி வராது.

இப்போது அந்த இரவுக்குத் திரும்புவோம். அம்மாவின் கைப்பேசியை வாங்கிக் கொடுத்தபோது கடையிலேயே எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்தார்கள். ஆர்சிஎஸ்ஸும் அப்போதே இயங்கத் தொடங்கியது. அம்மாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அவருடைய எண் ‘ஆர்சிஎஸ் உள்ள எண்’ என்று சர்வரில் பதிவாகிவிட்டது. எனவே மகளின் கைப்பேசி அந்த எண்ணுக்கு எழுதும்போதெல்லாம் தானாகவே ஆர்சிஎஸ் பாதையைத் தேர்ந்தெடுத்தது.

அன்று மாலையோடு அம்மாவின் பிரிபெய்டு டேட்டா பாஸ் முடிந்திருந்தது. சிக்னல் இருந்தது, அழைப்பு வரும், எஸ்எம்எஸ் வரும். ஆனால் ஆர்சிஎஸ் வராது. மகளின் செய்தி சர்வர்வரை போய் ஒரு சரிக்குறியோடு நின்றது. காலையில் அம்மா பக்கத்து வீட்டுக்குப் போனபோது கைப்பேசி அங்குள்ள வைஃபையில் சேர்ந்துகொண்டது. இரவு முழுதும் காத்திருந்த செய்தி 9.20க்கு இறங்கியது.

அழைப்பை எடுக்காத அம்மா மேலும் குற்றம் இல்லை, அனுப்பிவிட்டுத் தூங்கிய மகள் மேலும் குற்றம் இல்லை. எஸ்எம்எஸ்ஸாகப் போயிருந்தால் அடுத்த சில விநாடிகளில் அம்மாவின் கைப்பேசி ஒலித்திருக்கும்.

தோட்டத்து ஓரத்தில் 4ஜி நழுவும்போது

பெறுபவர் பக்கத் தடையைப் பார்த்தோம். அனுப்புபவர் பக்கத்தில் வரும் தாமதத்துக்கு மலேசியாவில் ஒரு குறிப்பான காரணம் உண்டு.

2021 இறுதிக்குள் நம் நாட்டில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டது. அந்த அலைவரிசை 4ஜிக்குத் திருப்பிவிடப்பட்டதால் பல இடங்களில் இணையம் மேம்பட்டது. ஆனால் 4ஜி எட்டாத இடுக்குகளில் கைப்பேசி இறங்கிப் பிடிக்க 3ஜி என்ற நடுப்படி இப்போது இல்லை. நேராக 2ஜிக்குப் போய்விடும். திரையின் மேல் ஓரத்தில் ‘4G’ இருந்த இடத்தில் `E` அல்லது `G` என்று தெரிந்தால் அதுதான் நிலைமை.

2ஜியில் பேசலாம், எஸ்எம்எஸ் அனுப்பலாம். டேட்டாவும் பெயருக்கு இருக்கும். ஆனால் மிக மெதுவாக, அடிக்கடி அறுந்துபோகும். கைப்பேசியோ ‘டேட்டா இருக்கிறது’ என்று நம்பி ஆர்சிஎஸ் பாதையையே பிடித்துக்கொண்டு முயற்சி செய்யும். செய்தி ‘அனுப்புகிறது’ நிலையிலேயே நிற்கும். டேட்டா அடியோடு இல்லாத இடத்தைவிட அரைகுறையாக இருக்கும் இடத்தில்தான் செய்தி அதிக நேரம் தொங்கும் என்பது இதனால்தான். முழுதாக இல்லை என்றால் கைப்பேசி சீக்கிரம் முடிவுக்கு வந்து மாற்று வழி தேடும். அரைகுறை என்றால் முயன்றுகொண்டே இருக்கும்.

இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. செய்தி தொங்கும்போது அதே கைப்பேசியில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு எழுதும் பெட்டியைப் பாருங்கள். சிறிது நேரத்தில் அது `Text message` என்று மாறினால், புதிதாக எழுதும் செய்தி எஸ்எம்எஸ்ஸாகப் போகும். அது உடனே போய்விட்டால் கோளாறு டேட்டாவில்தான், சிக்னலில் இல்லை என்று உறுதியாகிவிடும்.

தானாக எஸ்எம்எஸ்ஸாக மாறாதா?

மாறும். ஆனால் எல்லா நேரமும் இல்லை, உடனடியாகவும் இல்லை.

செயலியின் அமைப்பில் `Automatically resend as text (SMS/MMS)` என்று ஒரு தேர்வு உண்டு. இது இயங்கினால், ஆர்சிஎஸ்ஸில் போகாத செய்தியைக் கைப்பேசி சிறிது நேரம் காத்திருந்து எஸ்எம்எஸ்ஸாக மறுபடி அனுப்பும். நம் கதையில் மகளின் கைப்பேசியில் இது அணைந்திருந்தது. அதனால் செய்தி ஒற்றைச் சரிக்குறியிலேயே நின்றது.

இந்தத் தேர்வை இயக்கி வைத்தாலும் மூன்று விஷயங்களை நினைவில் வைக்க வேண்டும். முதலாவது, மறுபடி அனுப்புவது அனுப்பியவரின் கைப்பேசிதான். அது அணைந்திருந்தாலோ, பிரிபெய்டில் கிரெடிட் இல்லாமல் இருந்தாலோ இந்த மாற்றுவழி நடக்காது. இரண்டாவது, எஸ்எம்எஸ்ஸாக மாறும்போது பூட்டு போய்விடும். எஸ்எம்எஸ்ஸுக்கு உரிய கட்டணமும் சேரும். சில நேரம் ஒரே செய்தி இரண்டு முறை வந்து சேர்வதும் இதனால்தான்.

மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது. மோசடிக்காரர்களைத் தடுப்பதற்காக, 2023 மே 2 முதல் இணைய இணைப்பு உள்ள எஸ்எம்எஸ்களைத் தடுக்கும்படி மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் தொலைத்தொடர்பு நிறுவனங்களைப் பணித்தது. தனிநபர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பும் எஸ்எம்எஸ்ஸில் இருந்துதான் அந்தத் தடை தொடங்கியது. எனவே கோயில் திருவிழாப் பதிவுக்கோ, பள்ளிப் பாரத்துக்கோ உரிய இணைப்பை ஆர்சிஎஸ்ஸில் அனுப்பினால் போகும். அதே செய்தி எஸ்எம்எஸ்ஸாக மாறினால் வழியிலேயே நிற்கலாம். செய்தி போகாததற்கு டேட்டாவும் சிக்னலும் காரணம் இல்லாதபோது, அதில் இணைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆர்சிஎஸ் செய்தி இணையத்தின் வழியே போவதால் எஸ்எம்எஸ்ஸுக்குப் போட்ட அந்த வேலி அதற்கு இல்லை. தெரியாத எண்ணிலிருந்து ஆர்சிஎஸ்ஸில் ஓர் இணைப்பு வந்தால், ‘தடை இருக்கிறதே, இது நல்ல செய்தியாகத்தான் இருக்கும்’ என்று நம்பித் தட்டக்கூடாது.

தமிழில் எழுதினால் கணக்கு வேறு

எஸ்எம்எஸ்ஸுக்கு மாறும்போது தமிழில் எழுதுபவர்களுக்குக் கூடுதலாக ஒரு கணக்கு இருக்கிறது. ஓர் எஸ்எம்எஸ்ஸின் கொள்ளளவு 140 பைட். ஆங்கில எழுத்துகளை நெருக்கி அடுக்கினால் அதில் 160 பிடிக்கும். தமிழ் போன்ற எழுத்துகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 2 பைட் தேவைப்படுவதால் 70தான் பிடிக்கும்.

அந்த 70ம் நாம் எண்ணுவது போல எண்ணப்படுவதில்லை. ‘கு’ என்பது நமக்கு ஓர் எழுத்து. கைப்பேசிக்கு ‘க’ ஒன்று, உகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. ‘ம்’ என்பதும் அப்படியே: ‘ம’ ஒன்று, மேலே உள்ள புள்ளி ஒன்று. இடைவெளியும் முற்றுப்புள்ளியும் தலா ஒன்று.

மகள் அனுப்பிய செய்தி இது:

“அம்மா நாளைக்கு வேன் 5 மணிக்கே வந்துடும். அப்பாவ 4.45க்கு ரெடியா இருக்க சொல்லுங்க. ஐசி, புத்தகம் மறக்காதீங்க”

கண்ணால் எண்ணினால், இடைவெளியையும் சேர்த்து 71 எழுத்து. கைப்பேசியின் கணக்கில் 107. 70ஐத் தாண்டிவிட்டதால் இது ஓர் எஸ்எம்எஸ்ஸில் அடங்காது, இரண்டாக உடையும். உடையும்போது, எது முதல் பகுதி, எது இரண்டாவது என்று குறிப்பதற்கும் இடம் வேண்டும். அதனால் ஒவ்வொரு பகுதியிலும் 67தான் கிடைக்கும்.

ஒவ்வொரு பகுதியும் தனித்தனி எஸ்எம்எஸ்ஸாகப் பயணம் செய்கிறது. கட்டணமும் பொதுவாகப் பகுதிக்கு ஒன்றாகவே கணக்கிடப்படும். எல்லாப் பகுதிகளும் வந்து சேர்ந்த பிறகே பெறுபவரின் கைப்பேசி அவற்றை ஒட்டி ஒரே செய்தியாகக் காட்டும். நான்கு பகுதியில் மூன்று வந்து ஒன்று தாமதமானால், முழுச் செய்தியும் அதற்காகக் காத்திருக்கும். நீளமான தமிழ் எஸ்எம்எஸ் மெதுவாக வருவதுபோல் தோன்றுவதற்கு இதுவே காரணம். சில பழைய கைப்பேசிகளில் பகுதிகள் தனித்தனியாக, வரிசை மாறியும் தெரியும்.

தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பவர்களுக்கு 160 கிடைக்கும். ஆனால் அதில் ஒரே ஒரு தமிழ் எழுத்தோ ஒரு சிரிப்புப் படமோ நுழைந்தால் முழுச் செய்தியும் 70 கணக்குக்கு மாறிவிடும்.

அதே விவரத்தை இப்படிச் சுருக்கலாம்:

“அம்மா நாளை வேன் 5 மணி. 4.45க்கு அப்பா ரெடி. ஐசி, புத்தகம் எடுங்க”

கைப்பேசிக் கணக்கில் இது 64. ஒரே எஸ்எம்எஸ். தந்தி அனுப்பிய காலத்தில் சொற்களை எண்ணி எழுதிய பெரியவர்களுக்கு இந்தப் பழக்கம் புதிதல்ல.

கைப்பேசி மாறியது, பதிவு மாறவில்லை

ஒற்றைச் சரிக்குறிக்கு இன்னொரு காரணமும் உண்டு. இதில் தாமதம் மணிக்கணக்கில் இல்லை, நாள்கணக்கில் போகும்.

பெரியவரின் ஸ்மார்ட்போன் தண்ணீரில் விழுந்துவிடுகிறது. அவசரத்துக்குச் சிம்மைக் கழற்றிப் பழைய பட்டன் போனில் போட்டுக் கொடுக்கிறார்கள். அழைப்பு வருகிறது, வங்கியின் எஸ்எம்எஸ் வருகிறது. ஆனால் பிள்ளைகள் அனுப்பும் செய்தி மட்டும் வருவதில்லை. காரணம், அவருடைய எண் இன்னும் ஆர்சிஎஸ்ஸில் பதிவாகியே இருக்கிறது. பிள்ளைகளின் கைப்பேசிகள் இல்லாத ஒரு ஸ்மார்ட்போனுக்கு ஆர்சிஎஸ்ஸில் அனுப்பிக்கொண்டிருக்கின்றன.

கைப்பேசியை மாற்றுவதற்கு முன்பே பழையதில் ஆர்சிஎஸ்ஸை அணைத்துவிடுவதுதான் சரியான வழி. பழையது கெட்டுப்போய்விட்டால் அதற்கென்று கூகுள் ஒரு பக்கம் வைத்திருக்கிறது. வேறு எந்தக் கைப்பேசியிலோ கணினியிலோ இந்த முகவரியைத் திறக்கலாம்:

```
messages.google.com/disable-chat
```

அதில் நாட்டைத் தேர்ந்தெடுத்து, பெரியவரின் எண்ணைக் கொடுத்தால், அந்த எண்ணுக்கு எஸ்எம்எஸ்ஸில் ஓர் உறுதி எண் வரும். பட்டன் போனில் வந்த அந்த எண்ணை அதே பக்கத்தில் இட்டால் பதிவு நீங்கிவிடும். இந்த உறுதி எண்ணை அந்தப் பக்கத்தில் மட்டுமே இட வேண்டும்; தொலைபேசியில் கேட்கும் யாருக்கும் சொல்லக்கூடாது.

அவசரச் செய்திக்கு என்ன செய்வது?

ஆர்சிஎஸ்ஸை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை. பேரப்பிள்ளையின் படத்தையும் குரல் பதிவையும் அனுப்ப அது நல்ல வழி. யாரிடம் டேட்டா நிலையாக இருக்காது என்று தெரியுமோ, அவருக்கு மட்டும் பாதையை மாற்றி வைத்தால் போதும்.

‘Messages’ செயலியில் அம்மாவின் உரையாடலைத் திறந்து, மேலே உள்ள அவர் பெயரையோ மூன்று புள்ளிகளையோ தட்டி விவரப் பக்கத்துக்குப் போனால் `Only send SMS and MMS messages` என்ற தேர்வு இருக்கும். அதை இயக்கிவிட்டால், அந்த ஓர் உரையாடலில் மட்டும் எழுதுவதெல்லாம் எஸ்எம்எஸ்ஸாகவே போகும். மற்றவர்களுக்கு ஆர்சிஎஸ் வழக்கம்போல் இருக்கும். இது அம்மாவின் கைப்பேசியில் செய்ய வேண்டிய வேலை இல்லை. அனுப்பும் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தங்கள் கைப்பேசியில் செய்ய வேண்டியது.

எல்லாருக்கும் மாற்ற விரும்பினால், செயலியின் மேல் மூலையில் உள்ள சுயவிவரப் படத்தைத் தட்டி, `Messages settings`, பிறகு `RCS chats` என்று போக வேண்டும். அங்கேதான் ஆர்சிஎஸ்ஸை இயக்கும், அணைக்கும் பொத்தானும், தானாக எஸ்எம்எஸ்ஸாக மறுபடி அனுப்பும் தேர்வும் இருக்கின்றன. நிலை `Connected` என்றிருந்தால் ஆர்சிஎஸ் ஒழுங்காக இயங்குகிறது. `Setting up` என்றே நாள்கணக்கில் நின்றால், எண்ணைச் சரிபார்க்கும் வேலை முடியவில்லை என்று பொருள். அந்தச் சரிபார்ப்புக்குக் கைப்பேசி பின்னணியில் ஓர் எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டியிருக்கலாம். பிரிபெய்டில் கிரெடிட் தீர்ந்திருந்தால் அது போகாது. டாப்-அப் செய்த பிறகு அணைத்து மறுபடி இயக்கிப் பார்க்கலாம்.

எஸ்எம்எஸ்ஸில் ஒரு குறை உண்டு. சேர்ந்ததா இல்லையா என்று அது தானாகச் சொல்லாது. அமைப்பில் `Advanced` பகுதிக்குள் இருக்கும் `Get SMS delivery reports` என்பதை இயக்கினால், செய்தி பெறுபவரின் கைப்பேசியில் இறங்கிய தகவலைக் காட்டும். ஆனால் அவர் அதைப் படித்தாரா என்பது எந்த எஸ்எம்எஸ்ஸிலும் தெரியாது. அதற்கு ஒரே வழி, ‘பார்த்தால் சரின்னு போடுங்க’ என்று எழுதிவிட்டுப் பதில் வரும்வரை காத்திருப்பதுதான். பதில் வராவிட்டால் மீண்டும் அழைக்க வேண்டும், அல்லது பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு அழைப்பு.

அந்தக் குடும்பத்தில் இப்போது மூன்று பிள்ளைகளும் அம்மாவின் உரையாடலை எஸ்எம்எஸ்ஸுக்கு மாற்றி வைத்திருக்கிறார்கள். வேன் நேரம் மாறினால் ஒரே வரியில் எழுதுகிறார்கள். அம்மா ‘சரி’ என்று அடித்து அனுப்புவதற்குள் இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு எழுத்து வந்த பிறகுதான் மகள் தூங்கப் போகிறார்.